இருவழி மீட்டரைப் படித்து, சோலார் சேமிப்பை நீங்களே கணக்கிடுவது எப்படி?

கூரையில் சோலார் வைத்தவர்கள் முதல் பில் வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது எனக்கு எவ்வளவு மிச்சம் பிடித்தது?" பில்லில் அதற்குப் பதில் இருக்காது. பில்லில் இறக்குமதி, ஏற்றுமதி என்று இரண்டு எண்கள் இருக்கும். இன்வெர்ட்டர் செயலி உற்பத்தி என்று மூன்றாவதாக ஓர் எண்ணைக் காட்டும். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும். சோலார் போட்டுத் தந்தவரைக் கேட்டால் "சுய நுகர்வு விகிதத்தைக் கூட்டுங்கள்" என்பார். அது என்ன, அதனால் பில் குறையுமா என்று கேட்டால் தெளிவான பதில் வராது. எனக்கும் வரவில்லை. காகிதம் பேனாவுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்த வழியைத் தமிழ்நாட்டு வீட்டு இணைப்பை வைத்து இங்கே எழுதுகிறேன். கடை இணைப்பு உள்ளவர்களுக்கு ஆறாவது படியில் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

1. மீட்டர் மாட்டும் நாளில் வாங்கி வைக்க வேண்டியவை

பிற்பாடு எந்தக் கணக்குப் போட்டாலும் தொடக்க எண் வேண்டும். மின்பகிர்மானக் கழகத்து ஊழியர்கள் பழைய மீட்டரைக் கழற்றி இருவழி மீட்டரைப் பொருத்தும்போது, பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புதிய மீட்டரின் தொடக்க இறக்குமதி ரீடிங், தொடக்க ஏற்றுமதி ரீடிங் ஆகிய மூன்றையும் எழுதுவார்கள். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் திரையைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய மீட்டர் சுழியிலிருந்துதான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். பரிசோதனைக் கூடத்தில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள் என்பதால் சில யூனிட்டுகள் ஏறியிருக்கலாம்.

இவற்றோடு நெட் மீட்டரிங் ஒப்பந்தத்தின் நகலும், சோலார் போடுவதற்கு முந்தைய ஓராண்டின் ஆறு பில்களும் வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கோடிட்டு வையுங்கள். உங்கள் இணைப்பு எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பது ஒன்று. மிஞ்சும் யூனிட்டுகள் எந்தத் தேதி வரை வரவு நிற்கும், அதன்பின் என்ன ஆகும் என்பது மற்றொன்று.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பேனல் தயாராகிவிட்டது, மீட்டர் மட்டும் வரவில்லை என்ற நிலையில் "சும்மா ஓடட்டும்" என்று இன்வெர்ட்டரை ஆன் செய்யாதீர்கள். பழைய மின்னணு மீட்டர்களில் பல, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் அதைப் பயன்பாடாகவே கூட்டும். நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டுக்கும் சேர்த்து நீங்களே பணம் கட்ட நேரிடும்.

2. திரையில் எந்த எண் எது

இருவழி மீட்டரின் திரை சில விநாடிகளுக்கு ஒருமுறை தானாக மாறிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினாலும் அடுத்த எண்ணுக்குப் போகும். தேதி, நேரம், வோல்டேஜ், உச்சத் தேவை என்று பலவும் வந்துபோகும். உங்களுக்கு வேண்டியவை இரண்டுதான். kWh என்ற அலகோடு Imp அல்லது I என்று குறிக்கப்பட்டது, இதுவரை வெளியிலிருந்து வாங்கிய மொத்தம். kWh அலகோடு Exp அல்லது E என்று குறிக்கப்பட்டது, இதுவரை வெளியே அனுப்பிய மொத்தம். சில மீட்டர்களில் எழுத்துக்குப் பதிலாகக் குறியீட்டு எண் வரும். அதில் 1.8.0 என்பது இறக்குமதி, 2.8.0 என்பது ஏற்றுமதி.

கண்ணை ஏமாற்றுவது kVAh. அதே இறக்குமதி, ஏற்றுமதிக் குறிகளோடு, kWh எண்ணுக்குச் சற்றே கூடுதலான எண்ணாக வரும். வீட்டு பில்லுக்கு அது தேவையில்லை. எண்ணை எழுதும் முன் அலகைப் பாருங்கள்.

இரண்டுமே தொடங்கிய நாள் முதல் கூடிக்கொண்டே போகும் மொத்த எண்கள். ஒரு காலத்துக்கான அளவு வேண்டுமானால், கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழிக்க வேண்டும். கணக்கீட்டாளர் வரும் நாளிலேயே நீங்களும் குறித்துக்கொண்டால் பில்லோடு ஒப்பிட எளிது.

மூன்றாவது எண் உற்பத்தி. அது இந்த மீட்டரில் இருக்காது, இருக்கவும் முடியாது. பேனலிலிருந்து வந்து, நேரே உங்கள் மின்விசிறியிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் செலவாகும் மின்சாரம் இந்த மீட்டரைத் தொடுவதே இல்லை. உற்பத்திக்குத் தனி சோலார் மீட்டர் வைத்திருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டர் திரையில் E-Total அல்லது Total என்று வரும் எண்ணை எடுங்கள். செயலியில் காட்டும் தினசரி எண்களைக் கூட்டாதீர்கள். வைஃபை அறுந்த நாள்கள் அதில் விடுபட்டிருக்கக்கூடும். இன்வெர்ட்டர் காட்டும் எண் மீட்டரைப் போலத் துல்லியமானதும் அல்ல, சிறிது கூடக் குறைய இருக்கும். நம் கணக்குக்கு அது போதும்.

3. கணக்குப் போடும் முன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை இரவில். இரவு ஏழரை மணிக்கு ஏற்றுமதி எண்ணைக் குறித்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடி பாருங்கள். கடைசி இலக்கம் கூட நகர்ந்திருக்கக் கூடாது. வெயில் இல்லாத நேரத்தில் ஏற்றுமதி ஏறினால் இணைப்பின் திசை தவறாக இருக்கிறது, அல்லது நீங்கள் படித்தது வேறு எண்.

இரண்டாவது சோதனை, மேகமில்லாத நாளில் நண்பகலில். ஏசி, மோட்டார், கிரைண்டர் போன்றவற்றை நிறுத்திவிட்டு இரண்டு எண்களையும் குறியுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். 3 கிலோவாட் அமைப்பானால், நல்ல வெயிலில் ஏற்றுமதி ஒரு யூனிட் அளவுக்கு ஏறியிருக்கும். இறக்குமதி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினாலோ, இறக்குமதி மட்டும் ஏறினாலோ சோலார் போட்டவரை உடனே வரவழையுங்கள். இரண்டு மாதம் காத்திருந்து பில்லில் கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

4. மூன்று எண்கள், இரண்டு கழித்தல், ஒரு கூட்டல்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 3 கிலோவாட் அமைப்பு, இரண்டு மாதக் கோடைக்காலக் கணக்கு. இறக்குமதி 1,212-இலிருந்து 1,802 ஆகியிருக்கிறது. ஏற்றுமதி 986-இலிருந்து 1,436 ஆகியிருக்கிறது. இன்வெர்ட்டரின் E-Total 1,530-இலிருந்து 2,230 ஆகியிருக்கிறது. ஆக, இறக்குமதி 590, ஏற்றுமதி 450, உற்பத்தி 700. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்பது சராசரி எதிர்பார்ப்பு. அந்தக் கணக்கில் 60 நாளுக்கு 720 வர வேண்டும். 700 என்பது ஏற்கத்தக்கதே. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது இறங்கும், கவலை வேண்டாம்.

இப்போது கணக்கு:

சொந்தமாகச் செலவழித்த சோலார் = உற்பத்தி − ஏற்றுமதி = 700 − 450 = 250
வீட்டின் உண்மையான பயன்பாடு = இறக்குமதி + சொந்தச் செலவு = 590 + 250 = 840
பில்லுக்கு வரும் நிகர யூனிட் = இறக்குமதி − ஏற்றுமதி = 590 − 450 = 140

சுய நுகர்வு விகிதம் என்பது 250-ஐ 700-ஆல் வகுப்பது, ஏறத்தாழ 36 சதவீதம். அதாவது பேனல் தந்ததில் எவ்வளவு பங்கை வெளியே விடாமல் வீட்டிலேயே செலவழித்தீர்கள் என்பது. அதே 250-ஐ 840-ஆல் வகுத்தால் 30 சதவீதம் வரும். அது வேறு அளவு. வீட்டுத் தேவையில் எவ்வளவு பங்கை நேரடி வெயில் தீர்த்தது என்பதை அது சொல்கிறது. விற்பனைத் தாள்களில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். யாராவது ஒரு சதவீதம் சொன்னால், எதை எதால் வகுத்தது என்று கேளுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் ஆட்கள் பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். ஏசி ஓடுவது இரவில். ஆகவே பேட்டரி இல்லாத வீட்டில் விகிதம் 30, 40 என்று இருப்பது அமைப்பின் குறை அல்ல.

5. யூனிட்டைப் பணமாக மாற்றுவது

பலரும் இந்த இடத்தில்தான் தவறான கணக்குக்குப் போகிறார்கள். ஏற்றுமதியான 450 யூனிட்டை ஏதோ ஒரு சராசரி விலையால் பெருக்கி, அதுதான் சேமிப்பு என்கிறார்கள். அப்படிச் செய்தால் வீட்டிலேயே செலவான 250 யூனிட் கணக்கில் வராமலே போய்விடும். தமிழ்நாட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால் சராசரி விலையும் பொருந்தாது.

சரியான வழி: சோலார் இல்லாமல் இதே 840 யூனிட் ஓடியிருந்தால் பில் என்ன, இப்போது பில் என்ன என்று பார்த்து, வித்தியாசத்தை எடுப்பது. 2024 ஜூலை முதல் வீட்டு இணைப்புகள் கட்டும் விலையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் 100 இலவசம். அதன்பின் 400 வரை 4.70 ரூபாய், 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50. 840 யூனிட்டுக்கு 1,410 + 630 + 840 + 1,890 + 420, மொத்தம் 5,190 ரூபாய்.

500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். ஆகவே நிகரமாக வந்த 140 யூனிட்டுக்கு, இலவசம் போக மீதி 40-க்கு 94 ரூபாய். வித்தியாசம் 5,096 ரூபாய். பில்லில் நெட்வொர்க் கட்டணம் என்று தனி வரி இருந்தால் அதை இதிலிருந்து கழித்துவிடுங்கள்.

5,096-ஐ 700-ஆல் வகுத்தால், சோலார் யூனிட் ஒன்று சராசரியாக 7.28 ரூபாய் மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் எல்லா யூனிட்டும் ஒரே மதிப்புடையவை அல்ல. உச்சியிலிருந்து வெட்டப்பட்ட முதல் 40 யூனிட் ஒவ்வொன்றும் 10.50 ரூபாயைக் காப்பாற்றியது. அடுத்த 200 யூனிட் 9.45 வீதம். கீழே இறங்க இறங்க மதிப்பு தேய்ந்து, 200-க்கும் கீழே 2.35 ஆகிவிடுகிறது. இந்த வீட்டில் இன்னும் 40 யூனிட் கூடுதலாக உற்பத்தியானால் 94 ரூபாய் மட்டும் மிஞ்சும். அதற்கும் மேல் உற்பத்தியாவது இந்தப் பில்லில் ஒரு காசு கூடத் தராது, ஏனென்றால் அந்த 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். "3-க்குப் பதிலாக 4 கிலோவாட் போடுங்கள், பில்லே வராது" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள். பிரதமர் சூரிய வீடு திட்ட மானியமும் 3 கிலோவாட்டோடு 78,000 ரூபாயில் நின்றுவிடுகிறது. நான்காவது கிலோவாட்டின் முழுச் செலவும் உங்கள் கையிலிருந்து போவது.

இதே 700 யூனிட், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மட்டுமே செலவழிக்கும் வீட்டில் என்ன செய்யும்? சோலார் இல்லாமலே அந்த வீட்டின் பில் 705 ரூபாய்தான். அதற்குமேல் அங்கே மிச்சப்படுத்த எதுவும் இல்லை. மிஞ்சும் யூனிட் வரவில் நிற்கும், அவ்வளவே. சோலார் வாங்கும் முன் பழைய ஆறு பில்களையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு குழப்பம், போன ஆண்டு பில்லோடு ஒப்பிடுவது. நம் வீடு போன கோடையில் 620 யூனிட் செலவழித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பில் 3,069 ரூபாய். இப்போது 94. கையில் மிஞ்சியது 2,975 ரூபாய்தான், 5,096 அல்ல. இடைப்பட்ட தொகை எங்கே போனது? சோலார் வந்த தைரியத்தில் இன்னொரு அறையிலும் ஏசி ஓடியது. பேனல் எவ்வளவு உழைத்தது என்று அறிய 5,096-ஐப் பாருங்கள். போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று அறிய 2,975-ஐப் பாருங்கள். சோலார் இல்லாவிட்டால் ஓடியிருக்கவே ஓடாத ஏசியின் மின்சாரத்தைச் சேமிப்பு என்று எழுதிக்கொள்வதில் நியாயமில்லை என்பது என் கருத்து. கோடைக்கால எண்ணை ஆறால் பெருக்கி ஆண்டுச் சேமிப்பு என்று சொல்வதும் அதே வகைதான். ஆறு பில்லுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள்.

6. விகிதத்தைக் கூட்ட வேண்டுமா?

வாஷிங் மெஷின், மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றி, சொந்தச் செலவை 250-இலிருந்து 350 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 50 சதவீதமாகிறது. ஏற்றுமதி 350 ஆகக் குறைகிறது. இறக்குமதியும் 490 ஆகக் குறைகிறது. நிகர யூனிட்? 490 − 350 = 140. பில் அதே 94 ரூபாய்.

நெட் மீட்டரிங் முறையில் ஒரு யூனிட்டைக் கழிப்பதும் ஒரு யூனிட்டை வாங்காமல் இருப்பதும் ஒன்றே. ஆகவே நெட் மீட்டரிங்கில் இருக்கும் வீட்டார், வெயில் நேரத்தில்தான் துவைக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை. இந்த முறையில் பேட்டரி வாங்கி விகிதத்தை ஏற்றினாலும் பில் குறையாது. மின்தடை நேரத்துக்காக வேண்டுமானால் பேட்டரி வாங்கலாம், சேமிப்புக்காக வேண்டாம். பகல் பயன்பாட்டால் ஒரு நன்மை உண்டு. தெருவில் பல வீடுகளில் சோலார் இருந்தால் நண்பகலில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றுபோகலாம். அந்த நேரத்தில் வீட்டிலேயே மோட்டாரை ஓட்டினால் கொஞ்சம் தணியும். செயலியில் நண்பகல் வளைவு பல் பல்லாக வெட்டுப்பட்டிருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

கடைக்காரர்களுக்குக் கதை வேறு. தமிழ்நாட்டில் வணிக இணைப்புகளுக்குப் பொதுவாக நெட் ஃபீட்-இன் முறை. அங்கே யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதில்லை. வாங்குவதற்கு ஒரு விலை, கொடுப்பதற்கு அதைவிட மிகக் குறைந்த ஒரு விலை. கணக்கு எளிதாக இருக்க, வாங்கும் விலை 10 ரூபாய், கொடுக்கும் விலை 3.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே மீட்டர் எண்களுள்ள ஓர் இட்லி மாவுக் கடை. 590 யூனிட் வாங்கியதற்கு 5,900 ரூபாய், 450 கொடுத்ததற்கு வரவு 1,575. கட்ட வேண்டியது 4,325. சோலார் இல்லாவிட்டால் 840 யூனிட்டுக்கு 8,400. மிச்சம் 4,075. இப்போது, இரவு எட்டு மணிக்கு மேல் ஓடிய கிரைண்டர்களை முற்பகல் பதினொன்றுக்கு மாற்றி, 100 யூனிட்டை வெயிலுக்குள் கொண்டுவருகிறார். இறக்குமதி 490, ஏற்றுமதி 350. கட்ட வேண்டியது 4,900 − 1,225 = 3,675. ஒரு ரூபாய் முதல் போடாமல், இரண்டு மாதத்துக்கு 650 ரூபாய் கூடுதல் மிச்சம். மாற்றிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு விலைகளுக்கும் உள்ள வித்தியாசமான 6.50 ரூபாய் கிடைக்கிறது. இந்த முறையில் சுய நுகர்வு விகிதம்தான் கடையின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அமைப்பின் அளவையும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் நாளை நினைவில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

7. பில் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால்

சோலார் போட்ட பிறகு வரும் முதல் இரண்டு பில்களில்தான் பிழைகள் அதிகம் தலைகாட்டும். ஏற்றுமதி சுழி என்று இருக்கலாம். இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கலாம். kVAh எண் பதிவாகியிருக்கலாம். தொடக்க ரீடிங் தவறாக ஏறி, பயன்பாடு திடீரென உயர்ந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, பில்லில் உள்ள முந்தைய, இன்றைய ரீடிங்குகளை உங்கள் படங்களோடு வரிசையாக ஒப்பிடுங்கள். ஏற்றுமதி உற்பத்தியைவிடக் கூடுதலாக இருந்தால் நிச்சயமாகத் தவறு.

பிழை தெரிந்தால் கெடு தேதிக்கு முன்பே உங்கள் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மின் இணைப்பு எண், மீட்டர் எண், மீட்டர் மாற்றிய தாளின் நகல், தேதியுடன் கூடிய திரைப் படங்கள், இன்வெர்ட்டர் எண்ணின் படம் ஆகியவற்றை இணையுங்கள். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மேலே நான்காம் படியில் உள்ள மூன்று வரிக் கணக்கை அப்படியே எழுதினால் போதும். பெற்றுக்கொண்டதற்கு உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். மின்னகம் எண் 94987 94987-இலும் புகாரைப் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணை அந்த நகலின் மேலேயே குறித்து வையுங்கள்.

திருத்தம் பெரும்பாலும் அடுத்த பில்லில் வரவாக வரும். அந்தப் பில் வந்ததும் வரவு யூனிட்டாக வந்திருக்கிறதா, ரூபாயாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். யூனிட்டாக வந்திருந்தால், எந்தப் பில்லில் எவ்வளவு கழிந்தது, இன்னும் எவ்வளவு மீதி என்று உங்கள் நோட்டில் தனி வரியாக எழுதி, ஒப்பந்தத்தில் கோடிட்ட தேதி வரும்வரை தொடர்ந்து சரிபார்த்து வாருங்கள்.